ரோமில் இரவு பதினோரு மணிக்குக் கதவைத் தட்டுவதற்கு முன்: வீட்டுக்காரம்மாவுக்கு எப்படி எழுதுவது?

சென்னையிலிருந்து வளைகுடா வழியாக ரோமுக்குப் போகிற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, எட்டு வயது மகள், கணவனின் அம்மா. நவம்பர் 7, வெள்ளிக்கிழமை இரவு 7.40க்கு ஃபியுமிச்சினோ விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். தங்குவதற்குப் பார்த்து வைத்திருப்பது சான் ஜொவான்னி பகுதியில் ஒரு வயதான அம்மா தான் குடியிருக்கும் வீட்டிலேயே வாடகைக்கு விடுகிற இரண்டு அறைகள். ஐந்து இரவுகள். முன்பதிவுத் தளத்தில் அந்த வீட்டுக்கான பக்கத்தில் 'செக்-இன் 15:00 முதல் 20:00 வரை' என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே சில விதிகள்: புகைபிடிக்கக் கூடாது, இரவில் சத்தம் கூடாது, சமையலறை பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

7.40க்கு விமானம் இறங்கினால் எட்டு மணிக்குள் அந்த வீட்டை அடைய வழியே இல்லை. ஆகவே வீட்டுக்காரம்மாவுக்கு எழுதித்தான் ஆகவேண்டும். பலரும் இங்கே 'எங்கள் விமானம் 7.40க்கு இறங்கும், கொஞ்சம் தாமதமாக வருவோம்' என்று ஒரு வரி தட்டிவிட்டு, விதிகளைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இத்தாலியில் இது சரிப்படாது. அதற்கு முதல் காரணம் சட்டம்.

அங்கே காசு வாங்கிக்கொண்டு ஆளைத் தங்கவைக்கிற எவரும், அது வீட்டுக்குள் ஒரே ஒரு அறையானாலும், வந்தவர்களின் விவரங்களைக் காவல்துறையின் 'அல்லோஜாத்தி வெப்' என்ற இணையதளத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். ஒரு நாளுக்கு மேற்படாத தங்கல் என்றால் 6 மணி நேரத்துக்குள். செய்யாமல் விட்டால் வீட்டுக்காரர் மீது வழக்கே வரலாம். அதோடு, கடவுச்சீட்டில் இருப்பவர்தான் எதிரில் நிற்கிறாரா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. நீங்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் ஒருவர் விழித்திருந்து, கடவுச்சீட்டுகளைப் பார்த்து, சாவியைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். ஹோட்டலில் இரவுப் பணியாள் செய்கிற வேலையை இங்கே எழுபது வயது அம்மா செய்யப்போகிறார். நீங்கள் எழுதும் நேரத்தை வைத்துத்தான் அவர் அன்றைய இரவை அமைத்துக்கொள்வார்.

நேரத்தைச் சொல்ல நான்கு வழிகள்

முதல் வழி, விமானம் இறங்கும் நேரத்தை மட்டும் சொல்வது. சொல்வதற்கு எளிது, உண்மையும்கூட. ஆனால் அந்தக் கணக்கை வீட்டுக்காரம்மா தலையில் கட்டுகிறோம். அவர் பார்த்துப் பழகிய விருந்தினர் பலர் ஐரோப்பாவுக்குள்ளிருந்து கைப்பையோடு வருகிறவர்கள். இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அதே கணக்கில் ஒன்பது, ஒன்பதேகாலுக்கு எதிர்பார்ப்பார். பத்தரை ஆகும்போது கவலையும் எரிச்சலும் சேர்ந்து வரும்.

இரண்டாவது, 'சரியாக 22:30க்கு வருவோம்' என்று ஒரே நேரத்தைச் சொல்வது. கேட்க நன்றாக இருக்கும், காப்பாற்றுவது கடினம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஐரோப்பாவின் வெளி எல்லையில் வரிசை உண்டு. 2025 அக்டோபரிலிருந்து அந்த எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய பதிவு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஒரு நாள் இருபது நிமிடத்தில் முடிகிற வேலை இன்னொரு நாள் ஒன்றரை மணி நேரம் இழுக்கலாம்.

மூன்றாவது, ஒரு இடைவெளி, ஒரு எல்லை, ஒரு மாற்று ஏற்பாடு ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்வது. '22:30க்கும் 23:30க்கும் இடையில் வருவோம். 00:30ஐத் தாண்டும் என்று தெரிந்தால் நாங்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை 10:00க்கு வருகிறோம்.'

நான்காவது, முதல் இரவை விமான நிலையத்துக்கு அருகே ஹோட்டலில் கழித்துவிட்டு, இந்த வீட்டை மறுநாளிலிருந்து நான்கு இரவுகளுக்கு மட்டும் எடுப்பது.

என் தேர்வு மூன்றாவது. 'எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்' என்ற வீட்டுக்காரம்மாவின் கேள்விக்கு அது மட்டும்தான் பதில் சொல்கிறது. வெறும் இடைவெளியைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். 23:30க்கும் வரவில்லையென்றால் அவர் என்ன செய்வது? எல்லையையும் மாற்று ஏற்பாட்டையும் சொல்லிவிட்டால் 00:30க்கு அவர் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். உங்களுக்கும் இதில் பாதுகாப்பு இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் முதல் இரவு வராமல் போனால் பல முன்பதிவுத் தளங்களில் 'வரவில்லை' என்று குறித்து மீதி இரவுகளையும் ரத்துசெய்ய வழி இருக்கிறது. மறுநாள் காலை வருவோம் என்று அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுத்தில் இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

நான்காவது வழியை நான் ஒதுக்கவில்லை. வீட்டுக்காரம்மா '22:00க்கு மேல் முடியாது' என்று எழுதிவிட்டால் பேரம் பேசாமல் அதற்குப் போய்விடுவதே மரியாதை. எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோ மேல் வந்தால் தனிக் கட்டணம் வாங்குகிற வீடுகளும் அங்கே நிறைய. சில வீடுகளில் 22:00 வரை ஒரு தொகை, நள்ளிரவைத் தாண்டினால் அதைப்போல் இரண்டு மடங்கு. அந்தத் தொகையையும் ஹோட்டல் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கணவனின் அம்மாவுக்கு முழங்கால் வலி, குழந்தை வழியிலேயே தூங்கிவிடும் என்றால் பணத்தைப் பார்க்காமல் ஹோட்டலே மேல்.

ஐந்தாவதாக ஒன்றைச் சிலர் கேட்பார்கள்: 'சாவியைக் கதவுக்குப் பக்கத்தில் எண்பூட்டுப் பெட்டியில் வைத்துவிடுங்கள், நாங்களே திறந்துகொள்கிறோம்.' வேறு பல நாடுகளில் இது சாதாரணம். இத்தாலியில் 2024 நவம்பர் 18 அன்று உள்துறை அமைச்சகம், விருந்தினரைப் பார்க்காமலே உள்ளே விடுவது போதாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. பிறகு அதன்மேல் நீதிமன்றத்தில் வழக்குகளும் நடந்தன. தான் குடியிருக்கும் வீட்டில் அறை விடுகிற ஒருவரிடம் இதைக் கேட்பது எப்படியும் பொருந்தாது. அவர் தன் வீட்டுச் சாவியைத் தெருவில் தொங்கவிட வேண்டியிருக்கும். கேட்காமல் இருப்பதே நல்லது.

வாசல் நேரத்தைக் கணக்கிடுவது

22:30 எப்படி வந்தது? விமானம் 19:40க்குத் தரை தொட்டால் கதவு திறந்து, நடந்து, எல்லை வரிசைக்கு வர 20:10. வரிசைக்கு ஒரு மணி நேரம் வைத்தால் 21:10. பெட்டிகள் அதற்குள் வந்திருக்கும். கழிவறை, தண்ணீர், குழந்தை எல்லாம் சேர்த்து 21:30. அங்கிருந்து லியனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் தெர்மினி நிலையத்துக்குக் கொண்டுவிடும். அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் 22:15. தெர்மினியிலிருந்து சான் ஜொவான்னி மெட்ரோ ஏ வழியில் மூன்றாவது நிறுத்தம். பெட்டிகளோடு மாறி ஏறி, இறங்கி, நடந்து வாசலுக்கு வர ஏறக்குறைய 22:45. எல்லாம் சீக்கிரம் முடிந்தால் 22:30, இழுத்தால் 23:30.

டாக்சி எடுக்கலாமே என்றால், எடுக்கலாம். ஆனால் விமான நிலையத்திலிருந்து ரோமுக்கு டாக்சிகளின் நிர்ணயக் கட்டணம் அவுரேலியச் சுவர் என்கிற பழைய நகர மதிலுக்குள் இருக்கும் முகவரிகளுக்கு உரியது. சான் ஜொவான்னி மெட்ரோ நிலையத்தை ஒட்டிய குடியிருப்புகள் பெரும்பாலும் மதில் வாசலுக்கு வெளியே இருக்கின்றன. ஆகவே 'உங்கள் முகவரி மதிலுக்குள்ளா, வெளியிலா?' என்று செய்தியில் ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டால் இரவு நேரத்தில் ஓட்டுநரோடு வாக்குவாதம் வராது.

தேதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நள்ளிரவைத் தாண்டி 00:30க்கு வந்தால் அது நவம்பர் 8. நீங்கள் பதிவு செய்திருப்பது 7ஆம் தேதி இரவு. '8ஆம் தேதி 00:30' என்று மட்டும் எழுதினால், அடுத்த நாள் இரவு வருகிறார்கள் என்று ஒருவர் புரிந்துகொள்வதில் வியப்பில்லை. 'வெள்ளி இரவு, 7க்கும் 8க்கும் இடைப்பட்ட இரவு' என்று எழுதிவிடுங்கள். இத்தாலியர்கள் எழுத்தில் 24 மணி நேரக் கணக்கையே வைத்துக்கொள்வார்கள். காலை, மாலை என்று பிரித்து எழுதுவதைவிட 22:30 என்று எழுதுவதே அவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

விதிகளை முன்பே கேட்பதா, போய்க் கேட்பதா?

பணம் கட்டுவதற்கு முன் கேட்பது, கட்டிய பிறகு எழுதிக் கேட்பது, வீட்டுக்குப் போய் நேரில் கேட்பது என்று மூன்று வாய்ப்புகள். எல்லாவற்றையும் முன்பே கேட்டால் பன்னிரண்டு கேள்விகளோடு ஒரு நீண்ட செய்தி போகும். படிப்பவருக்கு இவர்கள் தொந்தரவு பிடித்தவர்கள் என்று தோன்றும், பாதிக் கேள்விக்குத்தான் பதில் வரும். எல்லாவற்றையும் போய்க் கேட்டால், சமையலறை கிடையாது என்பது பணம் போன பிறகு தெரியவரும்.

நான் சொல்வது இதுதான்: 'இல்லை' என்று பதில் வந்தால் வேறு வீடு பார்ப்பீர்களா? பார்ப்பீர்கள் என்றால் அந்தக் கேள்வியைப் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். மற்றதெல்லாம் நேரில். இந்தக் குடும்பத்துக்கு அப்படிப்பட்டவை இரவு வருகையும் சமையலும் மட்டுமே.

சமையலைக் கேட்பதிலும் இரண்டு விதம். 'சமையலறையைப் பயன்படுத்தலாமா?' என்று பொதுவாகக் கேட்டால் 'சரி' என்றே பதில் வரும். அவர் மனதில் இருப்பது காலையில் காபியும் ஒரு தட்டு பாஸ்தாவும். நீங்கள் போய் கடுகு, மிளகாய் தாளித்தால் அந்த நெடி அவர் படுக்கையறை வரை போகும். தன் வீட்டிலேயே வாழ்கிறவரிடம் அது உரசலாகும். 'மாலையில் ஒரு முறை, 19:00க்கு முன், அரை மணி நேரம், சோறும் பருப்பும் காய்கறியும். எண்ணெயில் பொரிக்க மாட்டோம், சன்னலைத் திறந்து வைத்துக்கொள்வோம்' என்று கேட்டால் அவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பது அவருக்கே தெரியும். அந்த நேரமும் காரணத்தோடுதான்: ரோமில் இரவுச் சாப்பாடு எட்டு மணியளவில். ஏழு மணிக்குள் அடுப்பை விட்டுவிட்டால் அவருக்கு இடைஞ்சல் இல்லை.

அடுப்போடு மின்சாரத்தையும் நினைக்க வேண்டும். இத்தாலிய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மின் இணைப்பு 3 கிலோவாட் அளவுக்குத்தான். துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது மின்சார ஓவனையோ தண்ணீர்க் கெண்டியையோ போட்டால் மீட்டர் தானாகவே துண்டித்துவிடும். சில கட்டடங்களில் அந்த மீட்டர் கீழ்த்தளத்தில் இருக்கும், ஒருவர் இறங்கிப்போய் அதன் சுவிட்சைத் தூக்கிவிட வேண்டும். சின்ன ரைஸ் குக்கரைக் கையில் கொண்டுபோகிறவர்கள் அதைச் செய்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேண்டாம் என்றால் அவருடைய பாத்திரத்திலேயே வடித்துக்கொள்ளலாம்.

குளியலறை பற்றி முன்பே கேட்க வேண்டியதில்லை, ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும். நம் குளியலறைகளைப் போல அங்கே தரையில் தண்ணீர் போகும் வழி வழக்கமாகக் கிடையாது. குளிக்கும் தொட்டிக்கு வெளியே ஊற்றினால் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் போய் ஊறும். வெந்நீர் பல வீடுகளில் ஒரு கலனில் சூடாகி நிற்பது. நான்கு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் நான்காவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். 'இரண்டு பேர் இரவிலும் இரண்டு பேர் காலையிலும் குளித்தால் வசதிப்படுமா?' என்று முதல் நாள் நேரில் கேட்டாலே போதும்.

கணவனின் அம்மாவுக்குக் குளிர் தாங்காது என்பதால் வெப்பமூட்டி பற்றி ஒரு வார்த்தை. ரோம் இருக்கிற பருவநிலைப் பிரிவில் வீடுகளின் வெப்பமூட்டி நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, நாளுக்கு அதிகபட்சம் 12 மணி நேரம் ஓடலாம் என்பது விதி. அளவு 20 பாகை, அதற்கு மேல் 2 பாகை வரை விடுவார்கள். பொது கொதிகலன் உள்ள பழைய கட்டடத்தில் வீட்டுக்காரம்மா நினைத்தாலும் இரவு முழுதும் ஓட்ட முடியாது. எனவே 'ராத்திரி ஹீட்டர் போடுங்கள்' என்று கேட்பதைவிட 'அம்மாவுக்குக் கூடுதலாக ஒரு கம்பளி கிடைக்குமா?' என்று கேட்டால் பலன் இருக்கும்.

ஆட்களின் எண்ணிக்கையில் மட்டும் வளைந்துகொடுக்க இடமே இல்லை. மிலானிலிருந்து ஒரு சொந்தக்காரப் பையன் வந்து ஓர் இரவு ஹாலில் படுத்துக்கொள்வான் என்பது நமக்குச் சாதாரணம். அங்கே அவன் பெயரையும் காவல்துறைத் தளத்தில் ஏற்ற வேண்டும், நகர வரியும் கட்ட வேண்டும். முன்பே கேளுங்கள், இல்லையென்றால் அவனை வேறு இடத்தில் தங்கச் சொல்லுங்கள்.

பெயரும் மொழியும்

அந்தத் தளத்தில் குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம். நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். முன்பதிவிலோ முதலெழுத்தோடு வேறு மாதிரி இருக்கும். நள்ளிரவில் வீட்டுக்காரம்மா கடவுச்சீட்டைப் புரட்டி எதை எங்கே போடுவது என்று விழிப்பதைத் தவிர்க்க, 'என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லை, சொந்தப் பெயர் மட்டுமே; மற்ற மூவரின் பெயர்கள் இப்படி' என்று முன்பே எழுதிவிடலாம். சிலர் கடவுச்சீட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். தளத்தில் ஏற்றுவது விவரங்களைத்தான், படத்தை அல்ல. எனவே பெயர், பிறந்த தேதி, பிறந்த நாடு, கடவுச்சீட்டு எண் ஆகியவற்றை முன்பதிவுத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுத்தாக அனுப்பிவிட்டு, கடவுச்சீட்டை வாசலில் காட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மொழி விஷயத்தில், முழுதும் இத்தாலியனில் எழுதினால் மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் பதிலும் நீளமான இத்தாலியனில் வரும், வாசலில் தொலைபேசியில் பேசும்போதும் அதையே எதிர்பார்ப்பார். ஆங்கிலத்தில் நீண்ட வாக்கியமாக எழுதினால் அந்த அம்மாவுக்குப் பாதி போய்ச் சேராது. 'புவோனசேரா' என்று மாலை வணக்கத்தோடு தொடங்கி, 'கிராத்சியே' என்று நன்றியோடு முடித்து, இடையில் வரிக்கு ஒரு செய்தியாக எளிய ஆங்கிலத்தில் எழுதுவதே இந்தக் குடும்பத்துக்கு ஏற்றது. பணம் கட்டுவதற்கு முன் போகவேண்டிய செய்தியின் சாரம் இப்படி இருக்கலாம்:

"புவோனசேரா, நாங்கள் நால்வர்: இரண்டு பெரியவர்கள், 8 வயது மகள், என் அம்மா. நவம்பர் 7 முதல் 12 வரை, ஐந்து இரவுகள்.
எங்கள் விமானம் வெள்ளி 19:40க்கு ஃபியுமிச்சினோவில் இறங்குகிறது. உங்கள் வாசலுக்கு 22:30க்கும் 23:30க்கும் இடையில் வருவோம்.
இது உங்கள் நேரத்துக்குப் பிந்தியது என்று தெரியும். உங்களுக்கு இயலுமா? கட்டணம் எவ்வளவு?
00:30ஐத் தாண்டும் என்றால் விமான நிலையத்திலிருந்தே எழுதுவோம். சனிக்கிழமை காலை 10:00க்கு வருவோம்.
மாலையில் ஒரு முறை, 19:00க்கு முன், அரை மணி நேரம் சைவச் சமையல் செய்யலாமா? பொரிக்க மாட்டோம்.
கிராத்சியே."

சம்மதம் வந்து பணம் கட்டியபின் இரண்டாவது செய்தி. அதில் பெயர் விவரங்கள், மதில் பற்றிய கேள்வி, அப்புறம் வாசலில் தேவைப்படுகிறவை: அழைப்பு மணியில் எந்தக் குடும்பப் பெயர் எழுதியிருக்கிறது, எந்தப் படிக்கட்டு, எந்த மாடி, லிஃப்ட் உண்டா. ரோமின் பெரிய கட்டடங்களில் ஒரே வாசலுக்குள் இரண்டு மூன்று படிக்கட்டுகள் இருக்கும். மணிப் பலகையில் வீட்டு எண்ணை விடப் பெயர்தான் அதிகம் இருக்கும், அதுவும் முன்பதிவில் நீங்கள் பார்த்த பெயராக இருக்கவேண்டும் என்பதில்லை. நகர வரியை வாசலிலேயே ரொக்கமாகக் கேட்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள். ரோமில் அது ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்காகும். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கிடையாது, ஆகவே இங்கே மூன்று பேருக்கு ஐந்து இரவுகள். அந்த யூரோவை விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பதிலையும் படிக்கத் தெரிய வேண்டும். 'பிரச்சினை இல்லை' என்று மட்டும் வந்து, கட்டணம் பற்றியும் சமையல் பற்றியும் ஒன்றும் இல்லையென்றால் அவர் முதல் வரியோடு நிறுத்திவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆக, 23:30 வரை வரலாம், கூடுதல் கட்டணம் இல்லை, மாலைச் சமையலுக்குச் சம்மதம். சரிதானே?' என்று ஒரு முறை உறுதி செய்யுங்கள். மாறாக, '22:30 வரை காத்திருப்பேன், அதற்குமேல் 30 யூரோ, எண்ணெயில் பொரிக்க வேண்டாம், சமைத்த பின் அடுப்பைத் துடைக்க வேண்டும்' என்று கறாராக வந்தால் தயங்காமல் எடுங்கள். இப்படி எழுதுகிறவர் சொன்ன நேரத்துக்கு வாசலில் இருப்பார். எதற்கும் பதில் வராமல் இரண்டு நாள் போனால் இன்னொரு வீட்டுக்கு அதே செய்தியை அனுப்பிவிடுங்கள். எழுதிய வரிகள் அப்படியே பொருந்தும், மாற்ற வேண்டியது வாசல் நேரம் மட்டும்.